நிழலின் விளிம்பு

கிரகணத்தைப் 'பாம்பு பிடித்தது' என்று நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பேச்சு கணிதத்திற்குத் தடையாய் இருந்ததில்லை. 1825இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய்க் கொண்ட எண்களாலேயே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் பதிவு செய்துள்ளார். தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. முடிவோ 52 நிமிடம். அரிய திறமைதான். ஆயினும் கணக்கின் பின்னுள்ள காரணத்தை அவர் அறிந்திலர் என்கிறார் வாரன். ஆரியபட்டர் 499இலேயே பூமியின் நிழலைக் கூறியிருந்தும், சோழிக் கணக்குக்கு அது தேவைப்படவில்லை. பிழை புகுந்த இடத்தைச் சோழிகள் காட்டா.

கிரேக்கர் கேட்டது 'எப்போது' என்றன்று, 'எதனால்' என்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் வாழ்ந்த அனக்சாகரஸ், நிலவு கதிரவனிடம் ஒளி பெறுகிறது, பூமியின் நிழலால் மறைகிறது என்றார். கதிரவனை எரியும் கல் என்றதால் தெய்வநிந்தைக் குற்றம் சுமத்தப்பெற்று நகரைவிட்டு வெளியேறினார்.

விந்தை என்னவெனில், பூமி தட்டை என்றே அவர் எண்ணினார். ஆனால் காரணம் கூறப்பட்டுவிட்டதால், பிறர் அதைச் சோதிக்க முடிந்தது. அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் அந்நிழலின் விளிம்பை ஆராய்ந்தார். அது எப்போதும் வளைந்தே இருந்தது. தட்டின் நிழல் சாய்வுக்கேற்பக் கோடாகவும் குறுகும். எத்திசையிலும் வட்டமாய் விழுவது உருண்டையின் நிழலே.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் முதல் வினாவிலேயே இவ்வுருண்டையை எடுத்துக்காட்டுகிறார்: வானியலார் ஒரு வழியிலும் இயற்கை நூலார் வேறு வழியிலும் அதை நிறுவுவதுபோல, ஒரே பொருளைப் பகுத்தறிவாலும் வெளிப்பாட்டாலும் ஆராயத் தடையில்லை என்று.