சட்டையிலிருந்து உடலைக் கழற்றிய கதை

2018-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘விடான்’ என்று ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு மேலாடையின் படத்தையும் ஒரு பெண்ணின் படத்தையும் கொடுத்தால், அந்த மேலாடையை அந்தப் பெண் அணிந்திருப்பதுபோல் மூன்றாவது படம் ஒன்றைக் கணினி உருவாக்கித் தரும். அதற்குப் பயிற்சி தர இணையக் கடைப் படங்களிலிருந்து பதினாறாயிரத்துச் சொச்சம் ஜோடிகளைச் சேர்த்தார்கள். ஜோடியில் ஒன்று, வெள்ளைப் பின்னணியில் தனியாக இருக்கும் மேலாடை. இன்னொன்று, அதையே அணிந்து நிற்கும் பெண். விளைந்த படத்தின் உயரம் 256 பிக்சல், அகலம் 192. இன்றைய கைபேசித் திரையில் ஒரு தபால்தலை அளவுக்குத்தான் வரும்.

அந்தக் கணினி கேட்டது ஒன்றே ஒன்று: ஆடை தனியாக வேண்டும். கடைக்காரரிடம் அப்படிப்பட்ட படம் உண்டு. மற்றவர்களிடம் இருப்பதெல்லாம் யாரோ ஒருவர் உடுத்தியிருக்கும் ஆடையின் படம். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் ஜிப்பாவோ சுற்றுலாப் படத்தில் இருக்கும் சட்டையோ, எதுவுமே வெள்ளைப் பின்னணியில் தனியாகக் கிடப்பதில்லை. ஆகவே ஆடையை மாற்றிப் போடுவதற்கு முன்னால், படத்தில் இருக்கும் சட்டையிலிருந்து உடலைக் கழற்றியாக வேண்டும். இந்த வேலைக்குக் கணினியைவிட வயது அதிகம்.

அச்சகக் காலத்தில் இதைக் கத்தியால் செய்தார்கள். ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தைப் புகைப்படத்தின் மேல் வைத்து, உருவத்தின் ஓரம் பிடித்துக் கீறி, வேண்டாத பகுதியை உரித்தெடுப்பார்கள். அச்சுக்கான லித்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. அதனால் சிவப்பு இருக்கும் இடமெல்லாம் அதற்குக் கறுப்பு. ‘மாஸ்க்’ என்று இன்றைக்குச் சொல்வதன் முன்னோடி அந்தப் படலம். 1990-களில் ஃபோட்டோஷாப்பின் பென் டூல் கத்தியின் இடத்துக்கு வந்தது. ஓரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வளைகோடு போடும் ‘கிளிப்பிங் பாத்’ ஒரு தனித் தொழிலாகவே ஆனது.

ஆடைக் கேட்லாக் எடுப்பவர்கள் இன்னொரு வித்தையும் கண்டுபிடித்தார்கள். பொம்மைக்குச் சட்டையை மாட்டிப் படம் எடுப்பார்கள். பிறகு பொம்மையைக் கழற்றிவிட்டு, கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தைத் தனியாக ஒரு படம் எடுப்பார்கள். இரண்டையும் ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அணிந்திருப்பதுபோல் சட்டை உப்பிக்கொண்டு நிற்கும். ‘கோஸ்ட் மேனிக்வின்’ என்பது அதற்குப் பெயர், ஒட்டும் வேலைக்கு ‘நெக் ஜாயின்ட்’. உடல் மறைத்த பகுதியை அவர்கள் ஊகிக்கவில்லை, இன்னொரு முறை படம் எடுத்தார்கள். சட்டை கையில் இருந்ததால் அது முடிந்தது. இந்த வேறுபாடு கதையின் கடைசிவரை வரும்.

கணினியில் வெட்டத் தொடங்கியதும் முதலில் தொல்லை கொடுத்தது ஓரம். சட்டையின் விளிம்பில் இருக்கும் ஒரு பிக்சல் முழுக்கச் சட்டையாகவும் இருக்காது, முழுக்கச் சுவராகவும் இருக்காது. இரண்டின் நிறமும் அதில் கலந்திருக்கும். எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்ணாக எழுதிவைக்கும் யோசனை 1970-களின் பிற்பகுதியில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரிடமும் பிறந்தது. அந்த எண்தான் ஆல்ஃபா. 1984-இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் அதற்கு முழுக் கணக்கு முறையை வகுத்தார்கள். அதன் சாரம் ஒரே வரி:

```
C = αF + (1 − α)B
```

C நாம் படத்தில் காணும் நிறம், F சட்டையின் உண்மையான நிறம், B பின்னணியின் நிறம். C மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, மற்ற மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும். பலர் ஆல்ஃபாவைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடுவார்கள். அப்போது பச்சைத் தோட்டத்தில் எடுத்த வெள்ளைச் சட்டை எங்கே போனாலும் ஓரத்தில் ஒரு பச்சைக் கோட்டைச் சுமந்துகொண்டே போகும். F-ஐயும் கண்டுபிடித்து விளிம்பு பிக்சல்களுக்கு நிறத்தைத் திருத்தினால்தான் அது சுத்தமான வெட்டு.

2004-இல் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்திலிருந்து ‘கிராப்கட்’ வந்தது. உருவத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டால் போதும், உள்ளே இருப்பது எது, பின்னணி எது என்று நிறங்களை ஒப்பிட்டு அதுவே பிரிக்கும். மனிதரைச் சுவரிலிருந்து பிரிக்க அது நன்றாக உதவியது. சட்டையை மனிதரிடமிருந்து பிரிக்க அது போதவில்லை. சந்தன நிறச் சட்டையும் மணிக்கட்டும் நிறத்தில் ஒன்றுபோல இருந்தால் நிறத்தை மட்டும் பார்க்கும் முறைக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டை எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் கை என்றால் என்ன, கழுத்து எங்கே இருக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

2012-இல் கோட்டா யமகுச்சியும் தமாரா பெர்க் உள்ளிட்ட கூட்டாளிகளும் இந்த வழியில்தான் போனார்கள். உடம்பின் நிலையையும் உடுப்பின் பெயரையும் ஒன்றாகக் கணித்தார்கள். தோள் எங்கே என்று தெரிந்தால் சட்டையைக் கண்டுபிடிப்பது எளிது, சட்டை தெரிந்தால் தோளைக் கண்டுபிடிப்பது எளிது. பகுதி பகுதியாகப் பெயர் குறித்த 685 படங்களை அதற்காகத் தயாரித்தார்கள். அடுத்த ஐந்தாண்டுகளில் இத்தகைய தொகுப்புகள் ஆயிரக்கணக்கான படங்களுக்கு வளர்ந்தன. இன்று பரவலாகப் புழங்கும் ஒரு பெயர்ப் பட்டியலில் பின்னணியையும் சேர்த்து 18 பெயர்கள் இருக்கின்றன: தொப்பி, முடி, மேலாடை, பாவாடை, கால்சட்டை, கவுன், பெல்ட், பை, சால்வை, இடக்கை, வலக்கை என்று போகும். சேலை அதில் கிடையாது. சேலை உடுத்திய படத்தைக் கொடுத்தால் கொசுவம் பாவாடையாகவும் முந்தானை சால்வையாகவும் துண்டுபடலாம், அல்லது மொத்தமும் கவுன் ஆகிவிடலாம். அப்படியே சரியாக வெட்டினாலும் கிடைப்பது ஆறு கெஜத் துணி அல்ல, ஒருவர் ஒருமுறை கட்டிய கட்டுதான்.

எளிய ஆடை ஒன்றை எடுத்து வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நீலமும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. அணிந்திருக்கும் பெண்ணின் பின்னல் இடத்தோளின் முன்னால் விழுந்திருக்கிறது. பையின் வார் மார்புக்குக் குறுக்கே போகிறது. வலக்கை இடுப்பில்.

முதலில் பெயர் குறிக்கும் மாடலை ஓட்டி, மேலாடை என்று குறித்த பிக்சல்களை மட்டும் எடுக்கிறோம். இத்தகைய மாடல்கள் பலவும் படத்தைவிடச் சிறிய அளவில்தான் விடை தருகின்றன, அதைப் பெரிதாக்கும்போது காலர் முனை மழுங்கிவிடும். ஆகவே விளிம்பில் சில பிக்சல் அகலத்துக்கு ஒரு பட்டையை ‘தெரியாது’ என்று ஒதுக்கி, அந்தப் பட்டைக்கு மட்டும் ஆல்ஃபாவைக் கணக்கிட்டு நிறம் திருத்த வேண்டும். மெல்லிய வாரைச் சட்டை என்றே மாடல் நினைத்துக்கொள்வது சகஜம், அதைக் கையால்தான் அழிக்க வேண்டும். முடிந்ததும் வெட்டிய படத்தை ஒருமுறை கறுப்பின் மேலும் ஒருமுறை அடர் சிவப்பின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையின் மேல் ஒளிந்திருக்கும் அழுக்கெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

இப்போது சட்டையில் ஓட்டைகள் இருக்கின்றன. அப்படியே மாற்றும் மாடலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? விடான் வகை முறைகள் சட்டையின் வெளிக்கோட்டை வைத்து அதை இழுத்தும் வளைத்தும் புதிய உடலுக்குப் பொருத்துகின்றன. வெளிக்கோட்டில் பின்னல் தின்ற பள்ளம் இருந்தால் அந்த இழுப்பே கோணலாகும். அதன்பின் வந்த டிஃப்யூஷன் மாடல்கள் ஆதாரப் படம் முழுவதையும் படித்துக்கொள்கின்றன. ஓரத்தில் ஒட்டியிருக்கும் விரல் நுனியைத் துணியின் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டு புதிய படத்திலும் தைத்துவிடக்கூடும்.

ஓட்டைகள் எல்லாம் ஒரே தரமில்லை. வார் மறைத்த சாய்ந்த கோட்டின் இருபுறமும் கட்டங்கள் தெரிகின்றன. கோடுகளைத் தொடர்ந்து இழுத்தால் சரியாக நிரப்பலாம், பிசகினால் கட்டம் முறிவது கண்ணுக்குத் தெரியும். பின்னலுக்குக் கீழே சட்டைப் பை இருக்கிறதா, இல்லையா? இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கழுத்து இருந்த இடத்தில் வெள்ளைப் பள்ளம் விழுந்திருக்கிறது, பின்கழுத்தின் உள்பட்டை அங்கே வர வேண்டும். வலக்கை மடங்கியே இருக்கிறது, கடைப் படத்தில்போல நேராகத் தொங்க வேண்டுமானால் வெட்டினால் மட்டும் போதாது, புதிதாக வரைந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் வெட்டும் வேலை வரையும் வேலையாக மாறியது. 2016-இல் தென்கொரியாவின் கைஸ்ட் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் உடுத்திய படத்தைக் கொடுத்தால் கடைப் படத்தை உருவாக்கும் வலையமைப்பு ஒன்றைச் செய்தார்கள். விடை 64 பிக்சல் சதுரம், நிறமும் பொது வடிவமும்தான் அதில் தேறும். 2024 இறுதியில் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகக் குழு டிஃப்யூஷன் முறையில் அதே வேலையைச் செய்து ‘டிரைஆஃப்டிஃப்’ என்று பெயரிட்டது. உடுத்திப் பார்ப்பது ‘டிரை ஆன்’ என்றால் இது அதைத் திருப்பிப்போட்டது. ஒருவர் அணிந்த ஒரே படத்திலிருந்து, கைகள் நேராக, கழுத்துப்பட்டை முழுதாக, விரித்து வைத்த சட்டை வருகிறது. படங்களின் ஒற்றுமையை அளக்க வழக்கமாகப் பயன்படும் அளவுகோல் இங்கே சரிப்படாது என்றும், துணியின் நெசவுத் தோற்றத்தையும் கணக்கில் எடுக்கும் வேறொன்று வேண்டும் என்றும் அந்தக் குழுவே வாதிட்டது. வெளிக்கோடு பொருந்திவிட்டால் எண்கள் நன்றாக வந்துவிடும், பூவேலை வேறு பூவாகியிருந்தாலும்.

ஆபத்து அங்கேதான். மோசமான வெட்டில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வரைந்த சட்டையில் ஓட்டையே தெரியாது. எட்டுப் பொத்தான் ஏழாகும், எழுத்து அச்சிட்ட டி-சர்ட்டில் எழுத்துபோலவே ஏதோ ஒன்று இருக்கும். அதனால் இதைத் தொழிலாகச் செய்பவர் இரண்டு கோப்புகளைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது: ஒன்று நிரப்பிய சட்டை, இன்னொன்று எந்தப் பிக்சல் புகைப்படத்திலிருந்து வந்தது, எது ஊகம் என்று காட்டும் மாஸ்க். பொத்தான் வரிசை, தையல், கட்டங்களின் எண்ணிக்கை மூன்றையும் மூலப்படத்தோடு ஒப்பிட்ட பிறகே அதை ஆதாரமாகப் பயன்படுத்த வேண்டும். விற்கப்போகும் சட்டை என்றால் ஊகம் விழுந்த இடத்துக்கு அந்தப் பழைய நெக் ஜாயின்ட் வழிதான் சரி: சட்டையைக் கையில் எடுத்து இன்னொரு படம் எடுப்பது.