களிமண் பலகையில் ஏழாம் வாய்ப்பாடு

ஈராக்கில் உள்ள பழைய நிப்பூர் நகரில், ஏறத்தாழ கி.மு. 1800ஆம் ஆண்டைச் சேர்ந்த மாணவர்களின் களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றில் ஏழாம் வாய்ப்பாடு 7, 14, 21 என ஏழேழாகத் தாவி 20 மடங்கு வரை செல்கிறது. பிறகு 30, 40, 50 மடங்குகள் மட்டுமே. 23 மடங்கு வேண்டுமானால்? இருபது மடங்கு 140, மூன்று மடங்கு 21, கூட்டினால் 161. (140ஐ அவர்கள் 2, 20 என்று, அதாவது இரண்டு அறுபதும் இருபதுமாக எழுதினார்கள்.)

உங்கள் எட்டு வயது மகனிடம் 'ஏழெட்டு எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். ஓரேழிலிருந்து ஒப்புவிக்கத் தொடங்கினால், அவனுக்குத் தாவல் மட்டுமே தெரியும் என்று பொருள். ஓரடி தவறினால் 49 அல்லது 63 என்பான். புளியங்கொட்டைகளை வரிசைக்கு ஏழாக எட்டு வரிசை அடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு குச்சியை வையுங்கள். மேலே 35, கீழே 21, ஆக 56. குச்சியை நான்காம் வரிசைக்குக் கீழே நகர்த்தினாலும், 28உம் 28உம் சேர்ந்து அதே 56 வருவதை அவனே கண்டுகொள்வான்.