அவசர நிறுத்தத்தில் காலும் சக்கரமும்: பிரேக் அசிஸ்ட், இபிடி இரண்டின் வேலைப் பங்கீடு

கார் விற்பனைக் கையேடுகளில் ஏபிஎஸ், இபிடி, பிரேக் அசிஸ்ட் மூன்றும் ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. வாங்குபவரும் அவற்றை ஒரே பாதுகாப்பின் மூன்று பெயர்கள் என்றே எடுத்துக்கொள்கிறார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ் என்ற அளவில் பலருக்கும் தெரியும். மற்ற இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. பிரேக் அசிஸ்ட் ஓட்டுநரின் காலைக் கவனித்து, பிரேக்கில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று முடிவு செய்கிறது. மின்னணு பிரேக் விசைப் பங்கீடான இபிடி, சக்கரங்களைக் கவனித்து, வந்த அழுத்தத்தில் பின்சக்கரங்களுக்கு எவ்வளவு விடலாம் என்று முடிவு செய்கிறது. காலைக் கவனிக்கும் கருவிக்குக் கால் சரியான செய்தியைத் தந்தாக வேண்டும். அந்தச் செய்தியை எப்படித் தருவது என்பதை நம் ஓட்டுநர் பயிற்சி சொல்லித்தருவதில்லை. பல இடங்களில் அதற்கு நேர்மாறானதையே சொல்லித்தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரேக் அசிஸ்ட் பிறந்த கதையே இந்த வாதத்துக்கு முதல் சான்று. டைம்லர்-பென்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பெர்லினில் இருந்த தன் ஓட்டுநர் பாவனைக் கூடத்தில் சாதாரண ஓட்டுநர்களை உட்காரவைத்து, திடீர் ஆபத்துகளை அவர்கள் முன் நிறுத்திப் பார்த்தது. பெரும்பாலானோரின் கால் பிரேக் பெடலுக்கு வேகமாகவே போனது. ஆனால் போன கால் போதுமான பலத்துடன் அழுத்தவில்லை. முதலில் பாதி அழுத்தி, ஆபத்து நெருங்க நெருங்கத்தான் மீதியையும் அழுத்தினார்கள். அன்றாடம் மென்மையாகப் பிரேக் பிடித்துப் பழகிய கால், உயிர்போகும் நேரத்திலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காலின் வேகம் ஆபத்தைச் சொல்லிவிடுகிறது, பலம் மட்டும் பின்தங்குகிறது என்றால், வேகத்தை அளந்து பலத்தை இயந்திரமே சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் எழுந்தது. 1996-இல் மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸ், எஸ்எல் கார்களில் அதை அறிமுகம் செய்தது.

அந்தப் பாதி அழுத்தத்தின் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் காரின் முன்னால், நடுத்திட்டு இடைவெளியிலிருந்து ஒரு இருசக்கர வாகனம் குறுக்கே வருகிறது. பார்த்து, உணர்ந்து, கால் நகர்வதற்குள் ஒரு விநாடி கழிந்தாலே கார் 22 மீட்டர் போய்விடும். அந்தத் தூரத்தைப் பிரேக் அசிஸ்டாலோ இபிடியாலோ குறைக்க முடியாது என்பதால் அதை விட்டுவிட்டு, பிரேக் பிடித்த பிறகான தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உலர்ந்த சாலையில் நல்ல டயருடன் முழு அழுத்தம் கொடுத்தால், வேகம் ஒவ்வொரு விநாடியும் மணிக்கு சுமார் 29 கி.மீ. குறையும், கார் 31 மீட்டரில் நின்றுவிடும். அரைமனதாக அழுத்தி, விநாடிக்கு 18 கி.மீ. மட்டுமே குறைந்தால் நிற்க 49 மீட்டர் ஆகும். இந்த 18 மீட்டர் வேறுபாட்டைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. முழு அழுத்தம் கொடுத்த கார் அசைவற்று நிற்கும் அதே இடத்தை, பாதி அழுத்தம் கொடுத்த கார் இன்னும் 49 கி.மீ. வேகத்துடன் கடக்கிறது. முதல் ஒரு விநாடி மட்டும் தயங்கிப் பிறகு முழுதாக அழுத்தியவரும் தப்பவில்லை. அவர் அந்த இடத்தைச் சுமார் 39 கி.மீ. வேகத்தில் கடக்கிறார். பிரேக் அசிஸ்ட் மீட்டுத் தர முயல்வது இந்த ஒரு விநாடியைத்தான்.

மீட்கும் விதம் காருக்குக் கார் வேறுபடும். முதலில் வந்த வகையில் பிரேக் பூஸ்டருக்குள், அதன் ரப்பர் திரை எவ்வளவு விரைவாக நகர்கிறது என்று ஒரு உணரி அளந்தது. அந்த வேகம் வரம்பைத் தாண்டியதும் ஒரு மின்காந்த வால்வு திறந்து, திரையின் ஒரு பக்கத்தில் வெளிக்காற்றை உள்ளே விட்டது. மறுபக்கத்தில் எஞ்சின் உண்டாக்கிய வெற்றிடம் இருப்பதால், கால் எவ்வளவு மிதித்தது என்பதைப் பொருட்படுத்தாமல் பூஸ்டர் தன் முழு பலத்தையும் காட்டியது. மின்னணு எதுவும் இல்லாமல், பூஸ்டருக்குள் இருக்கும் வால்வின் அமைப்பாலேயே இதைச் சாதிக்கும் எளிய வகைகளும் உண்டு. நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள இன்றைய கார்களில் பெரும்பாலும் பிரேக் எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று பார்த்து, அந்த அமைப்பின் பம்பே மேலும் அழுத்தம் சேர்க்கிறது. வகை எதுவானாலும் இரண்டு பண்புகள் பொது. மிதி வேகமாக விழுந்தால்தான் உதவி தொடங்கும். காலைத் தளர்த்தினால் உதவி நின்றுவிடும், ஏனென்றால் ஓட்டுநர் ஆபத்து நீங்கியதாக முடிவு செய்துவிட்டார் என்றே கருவி எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டாவது பண்பில்தான் பழைய பாடம் மோதுகிறது. ஏபிஎஸ் இல்லாத காலத்தில், சக்கரம் பூட்டாமல் இருக்க விட்டுவிட்டு மிதிக்கச் சொன்னார்கள். அப்போது அது நியாயம்தான். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமான பிறகும் அதே பாடம் வாய்வழியாகத் தொடர்கிறது. பிரேக் அசிஸ்ட் உள்ள காரில் விட்டுவிட்டு மிதிப்பவர், ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் கிடைத்த உதவியைத் தானே ரத்து செய்கிறார். அவசரத்தில் எஞ்சின் அணைந்துபோயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பூஸ்டரில் சேமித்த வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும்.

ஏபிஎஸ் வேலைசெய்யும்போது பெடல் காலுக்கடியில் துடிக்கும், முன்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வரும். எதிர்பாராத ஓட்டுநர் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார். மிகத் தேவையான கணத்தில் இது நடக்கிறது. பெடலின் துடிப்பு, சாலையின் பிடிப்பு முழுவதும் பயன்படுகிறது என்பதற்கான அடையாளம். அதை மீறி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி இபிடி. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்வதை எல்லோரும் உணர்ந்திருப்போம். எவ்வளவு சாய்கிறது என்பதுதான் விஷயம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன் அச்சில் 720, பின் அச்சில் 480 கிலோ இருக்கட்டும். எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும், அச்சுகளின் இடைவெளி 2.5 மீட்டராகவும் இருந்தால், மேலே சொன்ன முழு அழுத்தத்தில் சுமார் 210 கிலோ பின்னாலிருந்து முன்னால் போகிறது. பின்சக்கரங்களுக்கு மிஞ்சுவது 270 கிலோ, அதாவது மொத்தத்தில் 22 சதவீதம். அவற்றால் அந்த அளவுக்கான பிரேக்கைத்தான் தாங்க முடியும். அதற்கு மேல் போனால் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் பக்கவாட்டுப் பிடிப்பை இழக்கும். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் பலனற்றுப் போய் கார் நேராக வழுக்கும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் பின்பகுதி முன்னால் வரப் பார்த்து, கார் சுழலும். இரண்டில் இதுவே ஆபத்தானது.

இதே காரில் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமான்களும் ஏறி 1,600 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எடை இரு அச்சுகளிலும் 800 கிலோவாகச் சமமாகிறது, எடைமையமும் 60 சென்டிமீட்டருக்கு ஏறுகிறது. அதே நிறுத்தத்தில் பின்னால் சுமார் 490 கிலோ மிஞ்சும். பங்கு 31 சதவீதம். பழைய கார்களில் பின்சக்கர அழுத்தத்தைக் கட்டுப்படுத்திய இயந்திர வால்வைக் காலி காருக்கு ஏற்ப அமைத்தால், திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகும் நாளில் பின் பிரேக்கின் திறன் வீணாகும். பாரம் ஏற்றிய காருக்கு ஏற்ப அமைத்தால், தனியாகப் போகும் நாளில் பின்பகுதி விசிறும். ஒரே அமைப்பால் இரண்டுக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. இபிடி எடையை அளப்பதே இல்லை. ஏபிஎஸ்ஸின் வேக உணரிகளைக் கொண்டு, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட எவ்வளவு மெதுவாகச் சுழலத் தொடங்குகின்றன என்று பார்க்கிறது. வித்தியாசம் வரம்பை எட்டியதும் பின்பக்க வால்வை மூடி, அழுத்தம் மேலும் ஏறாமல் நிறுத்துகிறது. தேவைப்பட்டால் கொஞ்சம் குறைக்கிறது. பாரம், டயர், சாலை எல்லாவற்றின் விளைவும் அந்த ஒரு வித்தியாசத்தில் தெரிந்துவிடுவதால் வேறெதையும் அளக்க வேண்டியதில்லை.

இது ஏபிஎஸ் தலையிடும் நிலைக்கு முன்பே நடக்கிறது, பெடலும் துடிக்காது. அதனால் ஓட்டுநருக்கு இபிடி வேலைசெய்வதே தெரியாது. நடுத்தர அழுத்தத்தில், ஈரச் சாலையின் வளைவில் பிரேக் தொடும் நேரங்களில் அதன் பயன் அதிகம். பிரேக் அசிஸ்ட் அழுத்தத்தை ஒரே வீச்சில் ஏற்றும் பெரும் நிறுத்தத்தில், இபிடி சிறிது நேரமே தனித்து நின்று பிறகு ஏபிஎஸ்ஸிடம் ஒப்படைக்கிறது. ஆகவே ‘இபிடி இருப்பதால் கார் சட்டென்று நிற்கும்’ என்ற விற்பனைப் பேச்சை நான் ஏற்கவில்லை. பாரம் ஏற்றிய காரில் தூரமும் ஓரளவு குறையலாம். அதன் முதல் வேலை காரை நேராக வைத்திருப்பதே.

முழு பலத்துடன் மிதிக்கச் சொல்வதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் லாரிக்கோ ஸ்கூட்டருக்கோ நிற்க இடம் வேண்டாமா? வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை ஆபத்துக்கு முன்பே, கண்ணாடியில் பார்த்துப் போட வேண்டும். பின்னால் நெருங்கி வருபவர் இருந்தால் முன்னால் இன்னும் அதிக இடைவெளி விட்டுப் போனால், தேவைப்படும்போது இருவருக்கும் போதுமான மென்மையுடன் நிறுத்தலாம். முன்னால் ஓர் உயிர் குறுக்கே வந்துவிட்ட பிறகு பாதி மிதிப்பது, பின்னால் வருபவரைக் காப்பதும் நிச்சயமில்லாமல் முன்னால் இருப்பவரைக் கைவிடுவதாகும்.

ஓட்டுநர் செய்யக்கூடியவை சில. தன் காரில் பிரேக் அசிஸ்ட் உண்டா என்று கையேட்டில் பார்த்துக்கொள்வது முதல் படி. பிறகு வண்டி, ஆள் நடமாட்டமில்லாத உலர்ந்த திடலில், பின்னால் யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, 40 கி.மீ. வேகத்திலிருந்து கிளட்சையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் ஓங்கி மிதித்து, கார் முழுதாக நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். இருக்கையை முன்னால் தள்ளி, பெடல் அடிவரை போனாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்குமாறு உட்கார்ந்தால்தான் இந்தப் பலம் வரும். பூஸ்டரைச் சோதிக்க, எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை இறுகும்வரை பலமுறை மிதித்து, காலை எடுக்காமல் எஞ்சினை இயக்க வேண்டும். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டால் வெற்றிடக் குழாய் கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் வெற்றிடத்தை நம்பிய பிரேக் அசிஸ்ட் அங்கே கைவிட்டுவிடும்.

டேஷ்போர்டு விளக்குகளும் ஒரு செய்தி சொல்கின்றன. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், பல கார்களில் இபிடி இன்னும் வேலைசெய்யக்கூடும். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் இபிடியும் போயிருக்கலாம். கைப்பிரேக் இறங்கியிருக்கிறதா, பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து விளக்குகள் அணையாவிட்டால், இயந்திர வால்வு இல்லாத இக்கார்களில் பின்சக்கரங்களைத் தடுக்க வேறெதுவும் இல்லை. அவை முதலில் பூட்டக்கூடும். அப்போது ஓங்கி மிதிக்கும் பாடத்தை ஒதுக்கிவைத்து, இடைவெளியை இரட்டிப்பாக்கி, படிப்படியாக அழுத்தி, வளைவுக்குள் பிரேக் தொடாமல் அருகிலுள்ள பணிமனைவரை மட்டும் ஓட்ட வேண்டும்.