ஒரு விடுப்புச் சீட்டு பிறந்த கதை

டெல்லியில் கருக்கலைப்புக்கு அனுமதி பெற்ற எந்த மருத்துவமனையிலும் ஒரு சேர்க்கைப் பதிவேடு இருக்கும். சிகிச்சைக்கு வந்த பெண்ணின் பெயரை அந்த ஒரு நோட்டில் மட்டும்தான் எழுதலாம். கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர் பதிவேடு, மறுபடி வரும்போது காட்டும் அட்டை என எதிலும் பெயர் வரக்கூடாது. வரிசை எண் மட்டும் போட வேண்டும். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் மருத்துவரின் கருத்தும் ஒரு உறையில் போய் முத்திரையிடப்படும். உறையின் மேல் ‘ரகசியம்’ என்று குறிக்க வேண்டும், அதிலும் எண்தான், பெயர் கிடையாது. பதிவேட்டை ஐந்தாண்டு பூட்டி வைக்க வேண்டும். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருக்கும் அதைத் திறந்து காட்ட முடியாது.

இவ்வளவையும் சொல்வது 2003-ல் மத்திய அரசு கொண்டுவந்த மருத்துவமுறைக் கருக்கலைப்பு ஒழுங்குமுறைகள். மாநிலங்கள் தத்தமக்கென ஒழுங்குமுறைகள் செய்துகொள்ளலாம் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. டெல்லி யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய அரசு எழுதியதே நேரடியாகச் செல்லும்.

இப்படி நாலாபுறமும் அடைத்துக் கட்டியவர்கள், ஆறாவது விதியில் ஒரே ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண் விண்ணப்பித்தால், அவர் முதலாளியிடம் விடுப்புப் பெறுவதற்காக மருத்துவர் சான்றிதழ் ஒன்று தரலாம். அடுத்த வரியிலேயே, அப்படித் தெரிந்துகொண்ட முதலாளி அதை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு கட்டளையும் வருகிறது. எழுதியது மருத்துவமனைகளுக்கான விதி. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் வாயையும் அது சேர்த்துக் கட்டியிருக்கிறது. கருக்கலைப்புக்கு விடுப்புக் கேட்கும்போது என்ன ஆதாரம் காட்ட வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இந்த இரண்டு வரியில்தான் தொடங்குகிறது.

விடுப்பு அதைவிட மூத்தது. 1961-ன் மகப்பேறு நலச் சட்டம், ஒன்பதாம் பிரிவில், கருச்சிதைவு நேர்ந்த பெண்ணுக்கு அன்றைய தினத்தை அடுத்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது. ‘வகுக்கப்பட்ட ஆதாரத்தை’ காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. என்ன ஆதாரம் என்பதை விதிகளுக்கு விட்டுவிட்டது. சுரங்கங்களுக்கும் சர்க்கஸ்களுக்கும் மத்திய அரசு 1963-ல் எழுதிய விதிகளைப் பார்த்தால் அந்தக் காலத்து மனது தெரியும். மருத்துவரின் சான்றிதழ் ஒரு வழி; பதிவு பெற்ற மருத்துவச்சி கையெழுத்திட்ட சான்றிதழும் போதும் என்று தனியாக ஒரு வரி சேர்த்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் கூடை சுமக்கிற பெண்ணிடம் ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்காது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று குளிரூட்டிய அலுவலகங்களில் ‘ஒரிஜினல் ஸ்கேன் ரிப்போர்ட் கொண்டுவாருங்கள்’ என்கிறவர்கள், அறுபது வருஷத்துக்கு முந்தைய சுரங்க விதியைவிடக் கடுமையாக இருக்கிறார்கள்.

கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்து, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மகப்பேறு நலச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் கருக்கலைப்பு என்ற சொல் நெடுங்காலம் ஏறவில்லை. தண்டனைக்குரியதாக இல்லாத கருச்சிதைவு எல்லாம் அதில் அடங்கும் என்று வாதிடலாம். ஆனால் விடுப்பு வாங்க ஒவ்வொரு பெண்ணும் வாதாட வேண்டியிருந்தது. 1995-ல் செய்த திருத்தம் அந்தச் சொல்லைச் சேர்த்தது. 1996 பிப்ரவரி 1 முதல் அது அமலானது. இதற்கு நடுவே, 1989 முதல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் சட்டம் விரிந்திருந்தது. நேரு பிளேஸ் அலுவலகமும் கரோல் பாக் ஜவுளிக்கடையும் கணக்கில் வந்தது அப்போதுதான். 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் அதற்குள் போனது. ஒன்பதாம் பிரிவு அறுபத்தைந்தாம் பிரிவாயிற்று. ஆறு வாரமும் ‘வகுக்கப்பட்ட ஆதாரமும்’ அப்படியே இருக்கின்றன.

இனி அந்தச் சீட்டில் என்ன இருக்கலாம் என்று பார்ப்போம். ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். தெற்கு டெல்லியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை, ஒன்பது வாரக் கர்ப்பம். மார்ச் 3 அன்று ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை என்று தெரிகிறது. மருத்துவர் மருந்து தருகிறார். மார்ச் 10 அன்று கரு முழுவதும் வெளியேறுகிறது. ஆறு வாரம் எங்கே தொடங்கும்? ஸ்கேன் நாள்தான் அவருக்கு இடி விழுந்த நாள், ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. கர்ப்பப்பையில் இருப்பது வெளியேறுவதைத்தான் அது கருச்சிதைவு என்கிறது. விடுப்பு ‘அந்த நாளை அடுத்து’. ஆகவே மார்ச் 11 தொடங்கி ஏப்ரல் 21 முடிய 42 நாள், ஞாயிறுகளும் சேர்த்து. மார்ச் 3 முதல் 10 வரை உடல்நலக் குறைவு விடுப்பில் போகும். இந்த எட்டு நாளைப் பிடித்துக்கொண்டு எச்.ஆரும் ஊழியரும் முட்டிக்கொள்வதுண்டு. சீட்டில் தேதி தெளிவாக இருந்தால் முட்டல் பாதி குறையும்.

சீட்டில் வேண்டியது இவ்வளவுதான்: ‘இன்னார் என் சிகிச்சையில் இருந்தார். 26 வாரத்துக்கு உட்பட்ட இவருடைய கர்ப்பம் மார்ச் 10 அன்று முடிவுற்றது. அதற்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம் விடுப்புக்குரியவர்.’ கீழே மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, தேதி. தானாகக் கலைந்ததா, கலைக்கப்பட்டதா என்பதுகூட இதில் இல்லை. இரண்டுக்கும் ஒரே விடுப்பு, ஒரே சம்பளம் என்று சட்டம் சொன்ன பிறகு அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு நிறுவனம் எதையும் கணக்கிடப் போவதில்லை. சந்தேகம் வந்தால் அந்த மருத்துவர் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம், சீட்டை எழுதியது அவர்தானா என்று கேட்கலாம். அதற்கு மேல் நியாயமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையில் கேட்கப்படுவது டிஸ்சார்ஜ் சம்மரி. கேட்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. இன்ஷூரன்ஸ் கோப்பில் பழகிய கை, எல்லாவற்றுக்கும் அதையே கேட்கிறது. ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். முதல் வரியிலேயே G3 P1 A1 போல ஒரு குறியீடு இருக்கும். இது மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம், இதற்கு முன் ஒருமுறை கலைந்திருக்கிறது என்று மருத்துவம் தெரிந்தவர் அதைப் படிப்பார். திருமணம் ஆனவரா, கணவர் பெயர் என்ன என்பதும் இருக்கும்; ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் எச்.ஐ.வி. முடிவு இருக்கும்; கருவில் என்ன குறை கண்டார்கள் என்பதும் இருக்கலாம். ஆறு வாரச் சம்பளத்தைக் கணக்கிட இதில் எதுவும் தேவைப்படாது. சட்டம் பேசுவது ‘பெண்’ பற்றி. மனைவி பற்றி அல்ல. டெல்லி அரசின் சுகாதாரத் துறையை எதிர்த்து மணமாகாத பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னபோது, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளையும் காகிதங்களையும் மருத்துவர்களே கேட்கக்கூடாது என்றது. மருத்துவருக்கே இல்லாத உரிமை மனிதவளத் துறைக்கு எங்கிருந்து வரும்?

வாரக் கணக்கை மட்டும் கேட்கலாம். 26 வாரம் தாண்டிவிட்டால் அது கருச்சிதைவு ஆகாது, பிரசவம். இறந்து பிறந்த குழந்தையும் சட்டப்படி குழந்தைதான். அப்போது ஆறு வாரத்தை நீட்டிய நிறுவனம் முழு மகப்பேறு விடுப்பைக் கொடுக்க வேண்டும். எத்தனையோ பெண்கள் இதில் இழந்திருக்கிறார்கள், குழந்தை இல்லையே என்று அவர்களே கேட்காமல் விட்டதால். அதேபோல், ஆறு வாரம் முடிந்தும் ரத்தப்போக்கோ தொற்றோ நிற்காவிட்டால் தனிச் சான்றிதழின் பேரில் இன்னும் ஒரு மாதம் வரை உண்டு.

டெல்லியில் மத்திய அரசு ஊழியர்கள் அதிகம். அவர்களுக்குக் கதையே வேறு. 1972-ன் மத்திய குடிமைப்பணி விடுப்பு விதிகளில் 43-வது விதி, கருச்சிதைவுக்கும் கருக்கலைப்புக்கும் சேர்த்து 45 நாள் தருகிறது. உயிரோடு எத்தனை குழந்தைகள் என்ற கேள்வி அங்கே இல்லை. ஆனால் அந்த 45 நாள் பணிக்காலம் முழுவதற்கும். முதல் முறை 30 நாள் எடுத்தவருக்கு அடுத்த முறை மிஞ்சுவது 15. தனியார் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஆறு வாரம் என்பதை நினைத்தால், நார்த் பிளாக்கைவிட நேரு பிளேஸ் இந்த ஒன்றில் மேல். கரு நிலைக்குமா என்று அஞ்சிப் படுக்கையில் இருக்கும் நாட்களுக்கு அந்த விடுப்பு பொருந்தாது என்றும் அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. அதற்கு வேறு விடுப்புதான் எடுக்க வேண்டும்.

ஆதாரமே கையில் இல்லாதவர்கள் இருவகை. வீட்டிலேயே கலைந்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டவர் முதல் வகை. இவருக்கு வழி உண்டு. கர்ப்ப ஹார்மோன் உடனே மறைந்துவிடாது, சில நாளிலிருந்து சில வாரம் வரை ரத்தத்தில் தெரியும். ஸ்கேனும் சேர்ந்தால் மருத்துவர் நம்பி எழுத முடியும். பழைய ஸ்கேன் தாளும் மாதவிலக்குத் தேதியும் கையில் இருந்தால் இன்னும் எளிது. நாள் கடத்தாமல் போக வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தானே போட்டுக்கொண்டவர் இரண்டாவது வகை. சட்டம் சொல்லும் கருக்கலைப்பு 1971 சட்டத்துக்கு உட்பட்டு நடப்பது மட்டுமே. தண்டனைக்குரிய விதத்தில் கலைந்தது கருச்சிதைவிலும் சேராது. ரத்தப்போக்கு நிற்காமல் பிறகு மருத்துவரிடம் போனால், அந்த உடல்நலக் குறைவுக்கு மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கிடைக்கும், ஆறு வாரத்துக்கான சீட்டு கிடைப்பது சந்தேகம். இந்த ஓட்டையைக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தமும் அடைக்கவில்லை.

அந்தத் திருத்தம் வேறொன்றைச் செய்தது. பெண்ணின் பெயரை, சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாருக்கும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று புதிய பிரிவு சேர்ந்தது. முதலாளி வாய் திறந்தால்? ஒழுங்குமுறையை வேண்டுமென்றே மீறியவருக்குச் சட்டம் வைத்திருப்பது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 1971-ல் எழுதிய தொகை. சீட்டைப் பெறுபவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், அது சாதாரணக் கோப்பில் போகக்கூடாது, மேலாளருக்கு ‘விடுப்பில் இருக்கிறார், இன்ன தேதி வருவார்’ என்று மட்டும் தகவல் போக வேண்டும் என்பதையெல்லாம் நிறுவனங்கள் தாங்களாகவே எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.