யப்பானின் 'நீல' விளக்கு

யப்பானில் வீதியைக் கடக்கக் காத்திருப்பவர்கள் சமிக்ஞை விளக்கு மாறியதும் 'அஓ' என்பார்கள். அகராதியில் அச்சொல்லுக்கு முதலில் காணப்படும் பொருள் நீலம். ஆனால் அங்கு எரிவது பச்சை விளக்கு. இந்த முரண்பாட்டுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உள்ளது.

பழைய யப்பானிய மொழியில் நிறங்களைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள் நான்குதான்: சிவப்பு, கருப்பு, வெள்ளை, அஓ. வானமும் இலையும் கடலும் 'அஓ'வுக்குள்ளேயே அடங்கின. இன்று பச்சையைக் குறிக்கும் 'மிதோரி' என்ற சொல் ஆதியில் நிறத்தைச் சுட்டவில்லை, இளந்தளிரையே சுட்டியது. கைக்குழந்தைக்கு அங்கு 'மிதோரிகோ' என்றொரு பெயர் உண்டு. பச்சிளங்குழந்தை என்று சொல்லிப் பழகிய நமக்கு அது விளங்காத சொல்லல்ல.

காலப்போக்கில் மிதோரி நிறப் பெயராக வளர்ந்தது. எனினும் பழைய எல்லை முற்றாக அழியவில்லை. பச்சை அப்பிள் இன்றும் 'அஓ'தான். துளிர்த்த இலைகளும் 'அஓ'தான்.

1930 இல் தோக்கியோவின் ஹிபியாச் சந்தியில் முதலாவது மின்சமிக்ஞை விளக்கு நிறுவப்பட்டபோது விதிகள் அதைப் பச்சை என்றே குறிப்பிட்டன. மக்களோ சிவப்புக்கு எதிரான நிறத்தை 'அஓ' என்றே அழைத்தனர். 1947 இல் சட்டமே மக்களின் வழக்குக்கு இணங்கி 'அஓ' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது. பின்னர், 1973 இல், பச்சையாகவே இருந்துகொண்டு இயன்றவரை நீலத்தை அண்டிய சாயலை விளக்குக்குக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. சொல்லை மாற்ற முடியாத அரசு, விளக்கின் நிறத்தைச் சற்று நகர்த்திக்கொண்டது!

இதைக் கொண்டு யப்பானியரின் கண்ணுக்கு இரு நிறங்களும் ஒன்றாகத் தெரிந்தன என்று முடிவுகட்டுவது தவறு. கண் பிரித்தறிவதையெல்லாம் மொழி தனித்தனிச் சொல்லால் குறிக்க வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் சறுக்குவது இவ்விடத்தில்தான். 'அஓ ஆகிவிட்டது, கடப்போம்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தின் வழியாகப் பெறுபவர், 'நீல விளக்கு எரிந்தது' என்று எழுதிவிடக்கூடும். தமிழில் அது 'பச்சை விழுந்துவிட்டது' என்றே வரவேண்டும். எனவே முதலில் நோக்க வேண்டியது நிறச்சொல்லை அல்ல, அது அடைமொழியாக நிற்கும் பொருளை. வானமென்றால் நீலம், இலையென்றால் பச்சை. மனிதரின் முகமென்றாலோ இரண்டும் பொருந்தா. அங்கு 'அஓ' என்பது வெளிறிப்போன முகத்தைக் குறிக்கும். பழைய நூலொன்றில் வெறுமனே 'அஓ நிற ஆடை' என்று வந்தால், சாயம் எதுவென்று அறிய வேறு தடயம் தேடவேண்டும். தடயம் கிடையாதவிடத்து, எதைத் தெரிவு செய்தாலும் அது ஊகமே.

தமிழிலிருந்து பிறமொழிக்குச் செல்பவர்களுக்கும் இதேபோன்ற பொறி உண்டு. பச்சைத் தண்ணீருக்கு நிறமில்லை. பச்சைப் பொய்க்கும் இல்லை. உடலில் குத்திய பச்சையோ, வருடங்கள் செல்லச் செல்ல, நீலமாகவும் தெரிகிறது.