எலிக்காய்ச்சல்: வயல்நீரில் பரவும் விதமும் கண்டறியும் முறையும்

அறந்தாங்கி, மணமேல்குடி பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது நெல்வயல்களில் நீர் தேங்குகிறது. வரப்பு வளைகளில் வாழும் எலிகளின் சிறுநீர் அந்நீரில் கலக்கிறது. எலி நோயுற்றதாகத் தோன்றாது. ஆனால் அதன் சிறுநீரகத்தில் தங்கியுள்ள லெப்டோஸ்பைரா கிருமி சிறுநீருடன் வெளியேறி, ஈரச்சேற்றில் பல வாரங்கள் உயிர்வாழும். வயலில் நிற்பவரின் பாதவெடிப்பு, சிராய்ப்பு, கண் வழியாக அது உடலில் நுழைகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு தோன்றும்.

இச்சுருள்வடிவக் கிருமியின் தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர் மட்டுமே. வழக்கமான சாயம் இதில் சரியாகப் பிடிக்காது. சாதாரண நுண்ணோக்கியில் தென்படாது. இருள்புல நுண்ணோக்கியில் ஒளிரும் இழையாகத் தெரியும் என்றாலும், இரத்தத்திலுள்ள புரத இழைகளும் அவ்வாறே தோன்றி ஏமாற்றக்கூடும். சிறப்பு ஊடகத்தில் வளர்த்துப் பார்ப்பதற்கோ வாரக்கணக்கில் ஆகும்.

எனவே இரத்தம் எடுக்கும் நாளைப் பொறுத்தே பரிசோதனை அமைகிறது. முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் இருப்பதால் பி.சி.ஆர். உதவும். எலிசா பரிசோதனை தேடுவது கிருமியை அன்று, உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது காய்ச்சல் தொடங்கி 5 முதல் 7 நாட்களுக்குப் பின்னரே போதிய அளவில் காணப்படும். நடவு செய்த பத்தாம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்கியதாகக் கொள்வோம். மூன்றாம் நாள் எலிசாவில் 'இல்லை' என முடிவு வந்தாலும் நோய் இல்லை என்று பொருளன்று. சில நாட்கள் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டும். அதுவரை சிகிச்சையைத் தள்ளிவைப்பதில்லை. மருத்துவர் ஐயத்தின் அடிப்படையிலேயே மருந்தைத் தொடங்குவார்; ஆகவே வயலில் இறங்கிய நாளை அவரிடம் தவறாமல் கூறுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.