உன்னைக் கேட்டேனா?

சோழவரம் தேநீர்க் கடையில் இரண்டு இளைஞர்கள் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஏரித் தண்ணீர் புழலுக்குத்தான் போகுது" என்றான் ஒருவன். "உன்னைக் கேட்டேனா?" என்றான் மற்றவன். முதல்வன் விளக்கப் புகுந்ததும், "கதறு!" என்று கைப்பேசியில் பழகிய சொல்லை வீசினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பையன் வாயடைத்துப் போனான்.

'விதண்டாவாதம்' என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன். பிறகுதான் அந்தச் சொல்லுக்கு அநீதி செய்தது புரிந்தது. கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை நாடுவது வாதம். வெற்றியை நாடுவது ஜல்பம். தன் கட்சியை நிறுவாமல் எதிர்க்கட்சியை மட்டும் தாக்குவது விதண்டை. விதண்டைக்காரனும் எதிராளி சொன்னதைக் கேட்டாக வேண்டும். அதில் ஓட்டை காட்டியாக வேண்டும். "கதறு" என்பவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. சொன்னதை விட்டுச் சொன்னவனைப் பிடித்துக்கொள்கிறான். அதற்கு மேல் எதை விளக்கினாலும் அதுவும் கதறல்தான்.

அதே நூல் 22 தோல்வித் தானங்களையும் சொல்கிறது. எதிராளி மும்முறை கூறி, சபைக்கும் விளங்கிவிட்ட கூற்றைத் திருப்பிச் சொல்லாமல் நிற்பது அவற்றில் ஒன்று. வேறு வேலை இருக்கிறதென்று நழுவுவது மற்றொன்று. அந்தக் கணக்கை ஒட்டிப் பார்த்தால், தோற்றவன் "கதறு" என்றவனே. ஆனால் அதை அறிவிக்க ஒரு சபை வேண்டுமே! அன்று அந்தச் சபையில் இருந்தவர்கள் நாங்கள்தாம்; சிரித்துவிட்டோம்.